டீ ட்ரீ ஆயில்: ஃபேஸ் வாஷா, ஸ்பாட் ஜெல்லா, பாட்டில் எண்ணெயா?

முகப்பருவுக்கு டீ ட்ரீ ஆயில் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தவர்களுக்குக் கடையில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஒரே இலை படம் போட்டு ஃபேஸ் வாஷ் இருக்கிறது, சின்ன ட்யூபில் ஸ்பாட் ஜெல் இருக்கிறது, பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் நூறு சதவீதம் சுத்தமான எண்ணெயும் இருக்கிறது. எது வாங்குவது என்று கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே மூன்றையும் வாங்கி, மூன்றையும் ஒரே வாரத்தில் போட்டு, முகம் எரிந்த பிறகுதான் கேட்கிறார்கள். அதனால் எரிச்சலைப் பற்றியும் சேர்த்தே பேசியாக வேண்டும்.

மூன்றிலும் இருப்பது ஒரே எண்ணெய்தான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வளரும் மெலலூகா ஆல்டர்னிஃபோலியா என்ற மரத்தின் இலையை ஆவியில் வடித்து எடுக்கிறார்கள். யூகலிப்டஸும் நம் நாவலும் கொய்யாவும் இதே குடும்பம். கிருமியைக் கட்டுப்படுத்தும் வேலையைப் பெரும்பாலும் செய்வது இதில் உள்ள டெர்பினென்-4-ஆல் என்ற பொருள். சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4730, நல்ல எண்ணெயில் இது குறைந்தது 35% இருக்க வேண்டும் என்கிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் செறிவு. நூறு கிராம் பொருளில் எத்தனை கிராம் எண்ணெய் இருக்கிறது என்பதுதான் அது. கடையில் கிடைப்பவை 0.1%-இல் தொடங்கி 100% வரை விரிந்து கிடக்கின்றன. "டீ ட்ரீ இருக்கிறது" என்ற ஒரு வரியை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, தோலில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது. ஃபேஸ் வாஷ் அரை நிமிடத்தில் தண்ணீரோடு போய்விடும். ஜெல் மணிக்கணக்கில் இருக்கும். பலன், எரிச்சல் இரண்டுமே செறிவையும் இந்த நேரத்தையும் சேர்த்துத்தான் அமைகின்றன.

மூன்றாவது, எண்ணெயின் புதுமை. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. டீ ட்ரீ ஆயில் காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறுகிறது. பெராக்சைடுகள், அஸ்காரிடோல் போன்ற புதுப் பொருள்கள் உருவாகின்றன. இந்த எண்ணெயால் வரும் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் இந்த மாறிய பொருள்கள்தான் காரணம். புது எண்ணெயை விடப் பழைய எண்ணெய் எளிதாக ஒவ்வாமையைத் தூண்டும்.

நான்காவது, எரிச்சல் வந்தால் என்ன மிஞ்சும் என்பது. மாநிறத்திலும் கறுப்பிலும் உள்ள தோலில் ஒரு சின்ன எரிச்சல்கூடக் கருந்தழும்பை விட்டுவிட்டுப் போகும். பரு ஒரு வாரத்தில் வற்றிவிடும், தழும்பு மாதக்கணக்கில் இருக்கும். வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதிய அறிவுரைகளில் இந்தச் செலவு கணக்கில் வருவதே இல்லை. நமக்கு இதுதான் பெரிய செலவு என்று நான் நினைக்கிறேன்.

| | ஃபேஸ் வாஷ் | ஸ்பாட் ஜெல் | பாட்டில் எண்ணெய் |
|---|---|---|---|
| வழக்கமான செறிவு | 1%-க்குள், பல சமயம் அதைவிட மிகக் குறைவு | 5% சுற்றி. சொல்லாமல் விடுபவையும் உண்டு | 100% |
| தோலில் இருக்கும் நேரம் | அரை நிமிடம் | பல மணி நேரம் | பல மணி நேரம் |
| ஆய்வு ஆதாரம் | தனியாகப் பார்த்தால் மெலிது | இருக்கிறது, 5% அளவில் | முகத்துக்கு இல்லை |
| எரிச்சல் எங்கிருந்து | பெரும்பாலும் சோப்புப் பொருளிலிருந்து | எண்ணெய், ஆல்கஹால் இரண்டிலிருந்தும் | எண்ணெயிலிருந்தே |
| யாருக்கு | எண்ணெய்ப்பசை முகம், அந்த மணம் பிடித்தவர்கள் | அங்கங்கே சில பருக்கள் உள்ளவர்கள் | முகப்பருவுக்கு வேண்டாம் |

## ஃபேஸ் வாஷ்

ஒரு முறை முகம் கழுவ சுமார் 2 கிராம் ஃபேஸ் வாஷ் எடுக்கிறோம். அதில் 0.7% எண்ணெய் இருந்தால் 14 மில்லிகிராம் வருகிறது. கேட்கும்போது பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அதில் கிட்டத்தட்ட எல்லாமே நுரையோடு வாஷ்பேசினில் போகிறது.

0.7% என்ற எண் 2017-இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த ஒரு சிறு ஆய்விலிருந்து வருகிறது. மிதமான பரு உள்ள 14 பேர் 12 வாரம் இந்தச் செறிவில் ஃபேஸ் வாஷும், கூடவே 20% ஜெல்லும் பயன்படுத்தினார்கள். சராசரிப் பரு எண்ணிக்கை 23.7-இலிருந்து 10.7-க்கு இறங்கியது. நல்ல முடிவுதான். ஆனால் ஒப்பிட இன்னொரு குழு இல்லை, இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தினார்கள். கழுவியதால் குறைந்ததா, ஜெல்லால் குறைந்ததா என்று இந்த ஆய்வை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஜெல்லின் செறிவு ஃபேஸ் வாஷை விட ஏறக்குறைய முப்பது மடங்கு என்பதைப் பார்த்தால், எனக்கு ஜெல் மீதுதான் சந்தேகம் போகிறது.

பாதுகாப்பு என்று பார்த்தால் ஃபேஸ் வாஷ்தான் முன்னால் நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு 2025-இல் தந்த கருத்தில், கழுவிவிடும் ஃபேஸ் வாஷுக்கு 1% வரை பாதுகாப்பானது என்றும், முகத்தில் அப்படியே விடும் கிரீமுக்கு 0.1% வரை மட்டுமே என்றும் சொல்லியிருக்கிறது. இடையில் பத்து மடங்கு வித்தியாசம். தோலில் தங்கும் நேரத்துக்கு எவ்வளவு எடை தருகிறார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

அப்படியானால் டீ ட்ரீ ஃபேஸ் வாஷ் போட்டு முகம் இழுத்துப் பிடித்து, உதட்டோரம் உரிகிறதே, அது ஏன்? பெரும்பாலும் அதற்குக் காரணம் சோடியம் லாரில் சல்ஃபேட் போன்ற கடுமையான நுரைப் பொருள்கள். கூடவே மெந்தால், வாசனை, சாலிசிலிக் அமிலம் என்று சேர்ந்திருக்கும். குளிர்ச்சியாக இருந்தால் வேலை செய்கிறது என்று நினைக்க வேண்டாம். அந்தக் குளிர்ச்சி மெந்தாலுடையது, பருவுக்கு அதனால் ஒன்றும் இல்லை.

லேபிளில் சதவீதம் போடாவிட்டாலும் ஓரளவு ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. பொருள் பட்டியல் அதிக அளவிலிருந்து குறைந்த அளவுக்குப் போகும். 1%-க்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தியை வழக்கமாக 1%-க்கு மேல் சேர்ப்பதில்லை. மெலலூகா ஆல்டர்னிஃபோலியா லீஃப் ஆயில் என்பது அதற்குப் பிறகு வந்தால் எண்ணெய் 1%-க்குள்தான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். வாசனைப் பொருளுக்கும் நிறத்துக்கும் பக்கத்தில் கடைசி வரிசையில் நின்றால், அது பெரும்பாலும் இலை படத்துக்காகச் சேர்த்த துளியாகத்தான் இருக்கும். ஆயில் என்று இல்லாமல் லீஃப் வாட்டர் என்று இருந்தால் அது எண்ணெய் வடிக்கும்போது கிடைக்கும் மணநீர். அதில் எண்ணெய் மிகச் சொற்பம்.

மறைந்திருக்கும் செலவு, சீக்கிரம் தீர்ந்துபோவது. ஒரு நாளைக்கு இரண்டு முறை கழுவினால் 100 கிராம் ட்யூப் 25 நாளில் காலி. மாதா மாதம் வாங்க வேண்டும். சாதாரணமான, மென்மையான ஒரு ஃபேஸ் வாஷ் பாதி விலையில் கிடைத்தால் அதை வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தை ஜெல்லுக்கோ வேறு மருந்துக்கோ வைத்துக்கொள்வது நல்லது என்பேன். எண்ணெய்ப்பசை அதிகம், பரு ஒன்றிரண்டுதான், அந்த மணம் பிடிக்கும் என்றால் டீ ட்ரீ ஃபேஸ் வாஷே வாங்கலாம். கெடுதல் இல்லை, எதிர்பார்ப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

## ஸ்பாட் ஜெல்

டீ ட்ரீ ஆயிலுக்கு உருப்படியான ஆதாரம் இருப்பது இங்கேதான், அதுவும் 5% என்ற ஒரு அளவைச் சுற்றித்தான். 1990-இல் சிட்னியில் 124 பேரிடம் 5% டீ ட்ரீ ஜெல்லையும், பருவுக்கு வழக்கமாகப் பூசும் மருந்தான பென்சாயில் பெராக்சைடை அதே 5% அளவிலும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் பரு குறைந்தது. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது. உலர்தல், எரிச்சல், அரிப்பு போன்ற தொந்தரவு பென்சாயில் பெராக்சைடு குழுவில் 79% பேருக்கு வந்தது, டீ ட்ரீ குழுவில் 44% பேருக்கு. அடுத்து 2007-இல் ஈரானைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 60 பேரிடம் 5% ஜெல்லை மருந்தில்லாத ஜெல்லோடு ஒப்பிட்டு, டீ ட்ரீ கணிசமாக மேல் என்று கண்டார்கள். இந்திய தோல் மருத்துவ இதழில்தான் அது வெளிவந்தது.

மென்மையானது என்று விளம்பரத்தில் சொல்வதற்கு இந்த 1990 ஆய்வுதான் அடிப்படை. ஆனால் 44% என்பதை நிதானமாகப் பாருங்கள். பத்தில் நான்கு பேருக்கு மேல் ஏதோ ஒரு தொந்தரவு வந்திருக்கிறது. பெரும்பாலும் லேசானதுதான். பென்சாயில் பெராக்சைடை விட மென்மை என்பது சரி, தொந்தரவே தராது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்புறம், அந்த ஆய்வில் எதிரே நின்றது 5% பென்சாயில் பெராக்சைடு. இன்று முகத்துக்குப் பலரும் தொடங்குவது 2.5%, அதில் எரிச்சல் குறைவு.

அளவு முக்கியம். மிளகளவு ஜெல் என்றால் சுமார் 0.1 கிராம், அதில் 5 மில்லிகிராம் எண்ணெய். ஃபேஸ் வாஷில் வந்த 14-ஐ விடக் குறைவு. ஆனால் இது பரு மேலேயே தங்குகிறது. கொஞ்சம் ஆவியாகிப் போகும், மிச்சம் வேலை செய்யும். இந்த மிளகளவை நாலைந்து பருக்களுக்குப் பிரித்து வைக்க வேண்டும். முகம் முழுக்கக் கிரீம் மாதிரித் தேய்க்கக் கூடாது. முகம் முழுக்கப் பூசும் கிரீமுக்கு ஐரோப்பியக் குழு தந்த 0.1%-ஐ நினைவில் வையுங்கள், 5% அதைப் போல ஐம்பது மடங்கு. 5% ஜெல்லை அழகுப் பொருளாக நினைக்காமல் மருந்தாக நினைத்து, இடம் பார்த்து, ஆறு முதல் எட்டு வாரம் என்று கெடு வைத்துப் பயன்படுத்துவதுதான் முறை. அதற்குள் மாற்றமே தெரியவில்லை என்றால் நீட்டிப்பதில் பயனில்லை.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, சதவீதம் எழுதியிருக்கிறதா. எழுதாத ஜெல்லுக்குப் பணம் கொடுக்க எனக்கு மனம் வராது. இன்னொன்று, பட்டியலின் இரண்டாவது மூன்றாவது இடத்தில் ஆல்கஹால் டினேச்சர்டு இருக்கிறதா. எண்ணெயைக் கரைக்க ஆல்கஹால் வசதியானது, ஆனால் தோலை உலர்த்தி எரிச்சலை ஏற்றுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

செலவில் ஜெல்தான் சிக்கனம். 15 கிராம் ட்யூப், நாளுக்கு இருமுறை மிளகளவு என்றால் 75 நாள் வரும். மறைந்த செலவு பொறுமைதான். அடுத்த வாரம் கல்யாணம், அதற்குள் போக வேண்டும் என்பவர்களுக்கு இது ஏற்றதல்ல, பென்சாயில் பெராக்சைடு வேகமானது. அதிலும் ஒரு செலவு உண்டு, தலையணை உறையையும் துண்டையும் அது வெளுத்துவிடும்.

## பாட்டில் எண்ணெய்

சுத்தமான எண்ணெயின் ஒரு சொட்டு சுமார் 35 மில்லிகிராம். ஜெல்லின் ஏழு மிளகளவுகளில் உள்ள எண்ணெய் இந்த ஒரு சொட்டில் இருக்கிறது, அதுவும் ஒரே இடத்தில், எதிலும் கலக்காமல். பருவின் மேல் வைத்தால் சுற்றியுள்ள தோல் சிவந்து, இரண்டு நாளில் உரிந்து, பிறகு பருவை விடப் பெரிய கருவட்டம் மிஞ்சலாம். பரு வற்றிவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் இந்தக் கருவட்டத்தைப் பரு விட்டுப்போன தழும்பு என்று எடுத்துக்கொண்டு, அதற்கு வேறு கிரீம் தேடுகிறார்கள்.

கலந்து போட்டால் என்ன என்று கேட்பார்கள். கணக்கு எளிதுதான். 10 மில்லி எண்ணெய்க்கு 5% வேண்டுமென்றால் அரை மில்லி, சொட்டுக் குழாயைப் பொறுத்துப் பத்திலிருந்து பதினைந்து சொட்டு. சிக்கல் எதில் கலப்பது என்பதில் இருக்கிறது. கற்றாழை ஜெல்லும் பன்னீரும் தண்ணீர்ப் பொருள்கள், எண்ணெய் அவற்றில் கரையாது. மேலே மிதக்கும், அல்லது திட்டுத்திட்டாக நிற்கும். ஒரு விரலில் ஒன்றுமே வராது, இன்னொரு விரலில் சுத்தமான எண்ணெயே வரும். தேங்காய் எண்ணெயில் நன்றாகக் கரையும், ஆனால் பரு வரும் முகத்தில் தேங்காய் எண்ணெய் பலருக்குத் துவாரத்தை அடைத்து மேலும் பருவைக் கொண்டுவரும். கடை ஜெல்லில் கரைப்பான் சேர்த்துச் சீராகக் கலந்திருப்பார்கள், அந்த வேலைக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

புதுமைச் சிக்கலும் இங்கேதான் கூர்மையாகிறது. 30 மில்லி பாட்டிலில் தினம் இரண்டு மூன்று சொட்டு எடுத்தால் எட்டு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை வரும். அதற்குள் நூற்றுக்கணக்கான முறை திறந்து மூடுகிறோம், ஒவ்வொரு முறையும் உள்ளே காற்று போகிறது. ஏப்ரல், மே மாத வெயிலில் குளியலறை ஜன்னலோரம் இருந்தால் கேட்கவே வேண்டாம். மலிவாகத் தெரியும் பெரிய பாட்டில் கடைசி பாதிக்கு வரும்போது ஆபத்தான பாட்டிலாகிவிடுகிறது. கற்பூரம் கலந்த பச்சிலை மணம் மாறி, டர்பன்டைன் மாதிரிக் குத்தும் வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள். வாடை மாறாவிட்டாலும் திறந்து ஆறு மாதம் ஆகிவிட்டால் தோலுக்கு வேண்டாம் என்பதே என் வழக்கம்.

வீட்டில் குழந்தை இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. இந்த எண்ணெயை விழுங்கினால் நஞ்சு. சில மில்லி உள்ளே போனாலே குழந்தைகள் தள்ளாடி மயங்கியிருக்கிறார்கள். பூனைக்கும் நாய்க்கும் தோலில் பட்டாலே ஆபத்து.

## ஒரு முகத்தை வைத்துப் பார்ப்போம்

இருபது வயதுக் கல்லூரி மாணவி. எண்ணெய்ப்பசையான முகம், தாடையிலும் கன்னத்திலும் ஆறேழு சிவந்த பருக்கள், மூக்கில் கரும்புள்ளிகள். காலை மாலை டீ ட்ரீ ஃபேஸ் வாஷ், இரவில் பாட்டில் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து ஒற்றுகிறார். மூன்றாவது வாரம் தாடை முழுக்கச் சிவந்து, செதில் செதிலாக உரிகிறது, பரு குறையவில்லை.

இவருக்கு முதல் இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வேன். வாசனையில்லாத மென்மையான ஃபேஸ் வாஷ், சாதாரண மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன், அவ்வளவுதான். சிவப்பு அடங்கிய பிறகு, கீழே சொல்லும் கைச் சோதனையில் தேறினால், 5% ஜெல்லை ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில், முகம் நன்றாகக் காய்ந்தபின், பருவின் மேல் மட்டும். பத்து நாளில் எரிச்சல் இல்லையென்றால் தினமும். எட்டு வாரம் பார்க்கலாம். கரும்புள்ளிகளுக்கு டீ ட்ரீயிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது, அதற்கு அடாபலீன் போன்ற பூசும் பரு மருந்துகள் மேல். ஆனால் அடாபலீனும் டீ ட்ரீயும் ஒரே இரவில் வேண்டாம், தோல் தாங்காது.

## எரிச்சலா, ஒவ்வாமையா

இரண்டும் வேறு. எரிச்சல் போட்ட சில நிமிடங்களில் தெரியும், போட்ட இடத்திலேயே நிற்கும், குறைவாகப் போட்டால் குறையும். ஒவ்வாமை ஒரு நாள், மூன்று நாள் கழித்து வரும். எரிவதை விட அரிப்பு அதிகம், சின்னக் கொப்புளங்கள், போடாத கண்ணிமையில்கூட வீக்கம். அளவைக் குறைத்தாலும் போகாது. எரிச்சலுக்கு இடைவெளி விட்டு மறுபடி முயலலாம். ஒவ்வாமை ஒரு முறை வந்துவிட்டால் அந்த உடல் அதை நினைவில் வைத்திருக்கும், பிறகு 0.1% ஷாம்பு கூட ஆகாமல் போகலாம். தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்தால் உறுதியாகத் தெரியும்.

வீட்டில் செய்யும் சோதனை இது. முழங்கையின் உள்மடிப்புக்குக் கொஞ்சம் கீழே, பத்து ரூபாய் நாணய அளவு இடத்தில், ஜெல்லைக் காலையும் மாலையும் ஏழு நாள் தடவுங்கள். ஒரே இரவு தடவிப் பார்ப்பது போதாது, ஒவ்வாமை தாமதமாகத்தான் வரும். ஃபேஸ் வாஷை இப்படிக் கையில் விட்டு வைக்காதீர்கள். கழுவாமல் விட்ட சோப்பு எல்லோருக்கும் எரியும், அதை வைத்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அதைக் கழுவித்தான் சோதிக்க வேண்டும்.

## இந்த மூன்றுமே வேண்டாதவர்கள்

சிவப்பழகு கிரீம் என்று ஸ்டீராய்டு கலந்த கிரீமை மாதக்கணக்கில் போட்டவர்களுக்குத் தோல் மெலிந்திருக்கும். தண்ணீர் பட்டாலே எரியும் அந்த முகத்தில் டீ ட்ரீ போடக் கூடாது. கடுமையான பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள், எக்ஸிமா உள்ளவர்கள் தள்ளியே இருக்கலாம். விலங்குச் சோதனைகளில் இனப்பெருக்கத்துக்குப் பாதிப்பு தெரிந்ததால் கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம்.

ஆழத்தில் கட்டியாக, தொட்டால் வலிக்கும் பருக்களுக்கு இவற்றால் ஆகப்போவது ஒன்றுமில்லை. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் குழித்தழும்பாக மாறலாம். நெற்றி முழுக்க ஒரே அளவில் அரிக்கும் சின்னச் சின்னப் பொரிகள் என்றால் அது பருவே இல்லாமல் பூஞ்சையால் வரும் மலசீசியா ஃபாலிகுலைட்டிஸாக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் கடையை விட்டு நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள்.